வாளி இல்லாத கணக்கு

எனக்கும் கணக்குக்கும் பள்ளிக்கூடத்திலேயே ஆகாது. படிவம் ஐந்து பரீட்சையில் எல்லாப் பாடத்திலும் ஏதோ ஒப்பேற்றிவிட்டேன். கணக்கில் மட்டும் கவிழ்ந்தேன். கவிழ்ந்தவள் கவிழ்ந்தபடியே கல்யாணம், பிள்ளை, வேலை என்று நாற்பதைத் தாண்டியும் விட்டேன். பத்து காஜாவுக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. பெரியவர்களைக் குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, தரை துடைப்பது, எல்லாம் நான்தான். ஒருநாள் இல்லத்தின் தலைமைத் தாதி கூப்பிட்டு, தாதியர் உதவியாளர் பயிற்சிக்கு என் பெயரைக் கொடுக்கலாம் என்று இருப்பதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. எஸ்.பி.எம் கணக்கில், அதாவது நான் கவிழ்ந்த அதே படிவம் ஐந்து பரீட்சையில், கிரெடிட் அளவுக்கு மதிப்பெண் வேண்டும். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

தனியாளாகப் பரீட்சைக்குப் பதிந்துகொண்டேன். வேலை செய்பவர்களுக்காக ஈப்போவில் ஒரு சங்கம் ஹேண்ட்ஃபோன் வழியாக வகுப்பு நடத்துவதாகக் கேள்விப்பட்டு அதிலும் சேர்ந்தேன். தஞ்சோங் மாலிமில் ஆசிரியர் பயிற்சிக்குப் படிக்கும் ஒரு பையன்தான் எனக்குச் சொல்லிக்கொடுப்பவன். என் மகன் வயதுதான் இருக்கும். அவன் என்னை அக்கா என்பான், நான் அவனைத் தம்பி என்பேன். வகுப்பு என்றால் முகம் பார்த்துப் பேசுவது இல்லை. அவன் கேள்வியை எழுதி அனுப்புவான். நான் தாளில் போட்டுப் படம் பிடித்தோ, எழுதியோ, குரலாகவோ பதில் அனுப்புவேன். குரலையும் எழுத்தாக மாற்றி, நாங்கள் பேசிய அத்தனையும் வரிசை எண்ணோடு சங்கத்தில் பதிவாகிவிடும். நான் அலுப்பில் "அய்யோ கடவுளே" என்று சொன்னதுகூட ஒரு வரியாக நிற்கும்.

முதல் வகுப்பு முடிந்த இரண்டாம் நாள் எனக்கு ஒரு செய்தி வந்தது. கற்றவை, தவறுகள், அடுத்த வகுப்புக்கான பயிற்சி என்று மூன்று தலைப்பு. தலைப்பைப் பார்த்ததுமே எனக்குக் கோபம் வந்துவிட்டது. தவறுகளை எழுதி அனுப்ப ஒரு ஆள் வேறா, என் தவறு எனக்குத் தெரியாதா என்று முணுமுணுத்துக்கொண்டுதான் படித்தேன்.

அன்று நாங்கள் செய்தது சமனின்மைக் கணக்கு. மைனஸ் இரண்டு எக்ஸ், ஆறைவிடப் பெரியது என்றால் எக்ஸ் என்ன என்பது மாதிரி. மைனஸால் வகுத்தால் பெரியது சிறியதாகத் திரும்ப வேண்டும். நான் திருப்பவில்லை. யாராக இருந்தாலும் "குறியைத் திருப்ப மறந்துவிட்டார்" என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். இந்தச் செய்தியிலோ இப்படி இருந்தது: "முதல் இரண்டு கணக்கிலும் குறியைத் திருப்பவில்லை. மூன்றாவதில் விடையில் மைனஸ் வரவில்லை, அங்கே யாரும் சொல்லாமல் தானே திருப்பினார். மறதி அல்ல. வகுத்ததும் விடையில் மைனஸ் வந்துவிடுகிறது, அதோடு மைனஸின் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்."

நான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு இன்னொரு முறை படித்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். எனக்கே தெரியாமல் என் மண்டைக்குள் ஓடியதை யாரோ ஈப்போவில் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். பயிற்சி இன்னும் அழகாக இருந்தது. விடையாக எழுதியதிலிருந்து ஏதாவது ஒரு எண்ணை எடுத்து முதல் வரியில் போட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தது. என் விடைப்படி எக்ஸ், மைனஸ் மூன்றைவிடப் பெரியது. சுழியம் அதற்குள் அடங்கும். போட்டுப் பார்த்தேன். சுழியம் ஆறைவிடப் பெரியது என்று வந்தது. பொய் உடனே பல்லைக் காட்டிவிட்டது. அதற்குப் பிறகு அந்தத் தவறை நான் செய்யவில்லை.

எழுதுவது யார் என்று தம்பியிடம் கேட்டேன். "ஆபீஸ்ல ஒரு அக்கா இருக்காங்க. நாம பேசறத முழுசா படிச்சிட்டுத்தான் எழுதுவாங்க. அத வச்சுத்தான் நான் அடுத்த கிளாஸே ஆரம்பிக்கிறேன்" என்றான். அவனுக்கும் அதே செய்திதான் போகுமாம். அன்றிலிருந்து வகுப்பைவிட அந்த மூன்று தலைப்புக்குத்தான் காத்திருப்பேன். இதை வெட்கமில்லாமல் சொல்கிறேன். என்னை இவ்வளவு கவனமாக யாரும் படித்தது கிடையாது, கட்டிய கணவர் உட்பட.

தம்பியும் லேசுப்பட்டவன் அல்ல. அவனிடம் ஒரு விளையாட்டு இருந்தது. நான் சோர்ந்து போகிற நேரம் பார்த்து, "அக்கா, இப்ப நீங்க டீச்சர், நான் மாணவன். நான் போடறேன், நீங்க திருத்துங்க" என்பான். அவன் எழுதும் வரிக்கு முன்னால் "மாணவன்" என்று போட்டுக்கொள்வான், நான் எழுதுவதற்கு முன்னால் "டீச்சர்" என்று போட வேண்டும். வேண்டுமென்றே தப்பாகப் போடுவான். அவனைத் திட்டித் திருத்துவதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். வீட்டில் வேறு யாரை அப்படித் திட்ட முடியும்?

அவன் எடுத்த கடைசி வகுப்பு விகிதம். அதிலும் இந்த விளையாட்டு வந்தது. சிரப்பும் தண்ணீரும் ஒன்றுக்கு ஒன்பது என்றால், மொத்தத்தில் சிரப்பு எத்தனை பங்கு? மாணவன் ஆன தம்பி "ஒன்பதில் ஒன்று" என்று எழுதினான். டீச்சர் ஆன நான் பிடித்துக்கொண்டேன். "தப்புலா. நான் தினமும் தரை துடைக்கிறவ. ஒரு கப் ப்ளீச், ஒம்பது கப் தண்ணி ஊத்துனா வாளியில பத்து கப் இருக்கு. பத்துல ஒண்ணுதான் ப்ளீச்." தம்பி கைதட்டுகிற படம் ஒன்றை அனுப்பினான். அடுத்த வாரம் அவன் பள்ளிக்கூடப் பயிற்சிக்குப் போகிறான், இனி வேறு ஒரு பெண் எனக்குச் சொல்லிக்கொடுப்பாள் என்று சொல்லி விடைபெற்றான். எனக்கு மனசு கனத்தது. ஆனால் அந்தப் பத்தில் ஒன்று என்னைத் தூக்கி நிறுத்தியிருந்தது. இந்தப் பரீட்சையில் நான் தேறுவேன் என்று முதல்முறையாக நம்பினேன்.

அப்புறம் அந்த வகுப்பின் சுருக்கம் வந்தது.

கற்றவை: விகிதத்தைப் பின்னமாக மாற்றுதல், ஆசிரியர் ப்ளீச் உதாரணத்தின் மூலம் தெளிவாக விளக்கினார். தவறுகள்: மாணவி ஒன்றுக்கு ஒன்பது என்பதை ஒன்பதில் ஒன்று என எழுதினார், பின்னத்தின் அடிப்படை தெரியவில்லை. பயிற்சி: தொடக்கப்பள்ளி அளவிலான பின்னக் கணக்குகள்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழி மட்டும் இல்லை, என் வாளியையும் சேர்த்துத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். தம்பியின் தப்பு எனக்கு, என் ப்ளீச் அவனுக்கு!

சரி, புதிதாக வந்த பெண்ணிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று பொறுத்தேன். அந்தப் பெண் நல்லவள்தான். மெல்லப் பேசினாள். என்னைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அந்தச் சுருக்கம் மட்டும்தான். அதன்படி நான்காம் ஆண்டுப் பிள்ளைகளின் தாளை அனுப்பினாள். ஒரு கேக்கை நான்காக வெட்டி ஒரு துண்டுக்கு வண்ணம் தீட்ட வேண்டும். "பயப்படாம மெதுவா பண்ணுங்க அக்கா" என்று குரல் அனுப்பினாள். அந்தக் கனிவுதான் என்னைக் கொன்றது. நான் எதையும் விளக்கவில்லை. இல்லத்தில் வேலை இருக்கிறது என்று சொல்லி வகுப்பைப் பாதியில் முடித்தேன். நாற்பது வயதுக்கு மேல் கேக்குக்கு வண்ணம் தீட்டவா பதிந்தேன்? பரீட்சையும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம், துடைப்பமே போதும் என்று முடிவு கட்டிவிட்டேன். தலைமைத் தாதியிடம் என் பெயரை எடுத்துவிடச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

ஆனால் எழுதிய ஆளை நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்காமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. இத்தனை நாள் என் மண்டைக்குள் புகுந்து படித்த ஆளுக்கு இந்த ஒரு வாரம் மட்டும் என்ன கேடு? வேலை இல்லாத ஒஃப் நாளில் பஸ் ஏறி ஈப்போவுக்குப் போனேன்.

சங்கத்து ஆபீஸ் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் இருந்தது. படி ஏறும்போதே ரொட்டி சானாய் வாசம் கூடவே ஏறி வந்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவருக்கும் கிட்டத்தட்ட என் வயதுதான். நான் யார் என்று சொன்னதும் எழுந்தே விட்டார்.

"வாங்கக்கா, வாங்க! உங்கள நேர்ல பாக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டே இருந்தேன். மைனஸ் அக்காதானே நீங்க?"

"அக்கா, நான் சண்ட போட வந்திருக்கேன்" என்றேன். அவர் என்னை அக்கா என்கிறார், நான் அவரை அக்கா என்கிறேன். சண்டைக்கு இது தோது இல்லை. இருந்தாலும் ஹேண்ட்ஃபோனை நீட்டினேன்.

அவர் சுருக்கத்தைப் படித்தார். முகம் சுருங்கியது. "இது நான் எழுதுனது இல்லக்கா. அந்த வாரம் தங்கச்சி வீட்டுக் கல்யாணம், ஹுத்தான் மெலிந்தாங் ஊருக்குப் போயிட்டேன். கம்ப்யூட்டர் ஒரு வரைவு எழுதிக் கொடுக்கும். நான் முழுப் பேச்சையும் படிச்சுச் சரிபார்த்துத்தான் அனுப்புவேன். இது யாரும் படிக்காமலே போயிருக்கு." சமாதானம் சொல்லி என்னை அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்துத் தம் பக்கத்தில் போட்டார். "உக்காருங்க. ரெண்டு பேருமா பாப்போம்."

திரையில் எங்கள் வகுப்பு வரி வரியாக நின்றது. முதல் வரியிலிருந்து படித்தார். நான் அவசரப்பட்டு ப்ளீச் இடத்துக்குப் போகச் சொன்னேன். மாட்டேன் என்று தலையாட்டினார். "நடுவுல குதிச்சாத்தான் இப்படி ஆகும்." தவறு என்று எதை எழுதினாலும் அது எந்த வரியில் இருக்கிறது என்று பக்கத்தில் குறிக்க வேண்டும், வரி இல்லாத தவறு தவறே இல்லை என்பது அவருடைய சட்டம். கற்றவை என்ற தலைப்பிலும் இரண்டு பிரிவு வைத்திருந்தார், தானே செய்தது, சொல்லிக்கொடுத்த பிறகு செய்தது என்று. ஆசிரியர் விளக்கியதை மாணவர் கற்றதாக எழுதக் கூடாதாம். மாணவர் அதைத் திரும்பச் செய்து காட்டிய வரி வேண்டும். நான் இல்லத்தில் பெரியவர்களின் உடம்பில் புண் இருக்கிறதா என்று பார்ப்பது போலத்தான் அவர் அந்த வரிகளைப் பார்த்தார். எதையும் தாண்டிப் போகவில்லை.

விளையாட்டு தொடங்கும் இடம் வந்தது.

"இங்க மாணவன்னு போட்டிருக்கிறது யாரு?"

"தம்பி."

"டீச்சர்?"

"நான்தான்."

"அப்ப அந்த ப்ளீச்?"

"என்னோட ப்ளீச், என்னோட வாளி!" குரல் உயர்ந்துவிட்டது. கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு வாளிக்காக அழுவேன் என்று யார் கண்டது?

அவர் சிரிக்கவில்லை. விளையாட்டுக்காகப் போட்ட பெயரைக் கம்ப்யூட்டர் நிஜம் என்று எடுத்துக்கொண்டதை எனக்குக் காட்டினார். ஒவ்வொரு வரியும் யார் ஹேண்ட்ஃபோனிலிருந்து வந்தது என்பது ஓரத்தில் இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. ஒன்பதில் ஒன்றைத் தவறுகளிலிருந்து எடுத்தார். ப்ளீச்சைக் கற்றவைக்குக் கொண்டுபோய், தானே செய்தது என்ற பிரிவில் போட்டார். "மாணவி தன் வேலையிலிருந்து உதாரணம் கொடுத்து ஆசிரியரைத் திருத்தினார்" என்று எழுதி வரி எண்ணையும் குறித்தார். எனக்குக் கோபம் எல்லாம் போய்விட்டது. போதும் அக்கா, கீழே போய் தே தாரேக் குடிக்கலாம் என்றேன்.

"இன்னும் முடியலக்கா" என்றார். "உங்க தப்பு ஒண்ணு இருக்கு."

விளையாட்டு தொடங்குவதற்குச் சற்று முன்னால் தம்பி ஒரு கணக்குக் கேட்டிருந்தான். இரண்டு எண்களின் விகிதம் இரண்டுக்கு ஐந்து, அவற்றின் வித்தியாசம் பன்னிரண்டு, அப்படியானால் மொத்தம் என்ன? நான் இரண்டையும் ஐந்தையும் கூட்டி, பன்னிரண்டை ஏழால் வகுத்து, அது சரியாக வகுபடாமல் போனதும், "கேள்வியே தப்பு தம்பி" என்று எழுதியிருந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தம்பி நான் எரிச்சலில் இருப்பதைப் பார்த்து அதை அப்படியே விட்டுவிட்டு விளையாட்டுக்குப் போயிருக்கிறான். கம்ப்யூட்டரும் விட்டுவிட்டது. நானும் மறந்தே போனேன்.

"ரெண்டும் அஞ்சும் வித்தியாசம் மூணு பங்கு. மூணு பங்குதான் பன்னெண்டு. ஒரு பங்கு நாலு. மொத்தம் ஏழு பங்கு, இருபத்தெட்டு" என்று தாளில் போட்டுக் காட்டினார். அது எனக்குப் புரிந்தது. அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. ஏன் கூட்டினேன் என்று யோசித்துக்கொண்டிருந்தார். திரையில் மேலே போனார், கீழே போனார். நான் ஏழால் வகுத்த வரியையும் ப்ளீச் வரியையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் என் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்டார்.

"வேலையில ப்ளீச் கலக்கறப்ப, வாளி எவ்வளவு பெருசுன்னு உங்களுக்கு எப்பவும் தெரியுமா?"

"தெரியாம? அதே வாளிதானே தினமும்."

அவர் எழுதத் தொடங்கினார். நான் அவர் தோளுக்கு மேல் எட்டிப் படித்தேன். "தவறு: கொடுக்கப்பட்டது மொத்தமா வித்தியாசமா என்று பார்க்காமல் பங்குகளைக் கூட்டிவிடுகிறார். காரணம்: வேலையிடத்தில் வாளியின் அளவு எப்போதும் தெரியும். ஆகவே கணக்கில் எந்த எண் வந்தாலும் அதை வாளி, அதாவது மொத்தம், என்று எடுத்துக்கொள்கிறார். இவருடைய பலத்திலிருந்துதான் இந்தத் தவறு வருகிறது."

என்னைச் சமாதானப்படுத்த வேண்டும் என்றால் ப்ளீச்சோடு நிறுத்தியிருக்கலாம். சண்டைக்கு வந்த பெண்ணிடம் போய், உன் தப்பு ஒன்று பாக்கி இருக்கிறது என்று எத்தனை பேர் சொல்வார்கள்? அந்த அக்கா சொன்னார். என்னைக் குழந்தையாக நினைத்த கேக் தாளைவிட, என்னைப் பெரிய மனுஷியாக நினைத்த இந்தத் தவறு எனக்கு மேலாக இருந்தது. அந்த இடத்திலேயே முடிவு மாறியது. பெயரை எடுக்கச் சொல்லப் போவதில்லை.

பயிற்சிக்கு வந்தார். ஒவ்வொரு பயிற்சியும் ஏதாவது ஒரு தவறைப் பார்த்துப் பேச வேண்டும், முதலாவது மட்டும் தெரிந்ததாக இருக்க வேண்டும், அப்போதுதான் கை ஓடும் என்றார். முதல் கணக்கு வாளி. அடுத்தவை மொத்தமும் வித்தியாசமும் கலந்து வருபவை. அவற்றுக்கு மேலே ஒரு குறிப்பு: "பேனா எடுக்கும் முன் கேட்கவும்: இது வாளியா?" கடைசிப் பயிற்சியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. "புதிய ஆசிரியருக்கு மாணவி ப்ளீச் கணக்கைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்."

சரிசெய்ததை என் முன்னாலேயே எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் அனுப்பினார். அடியில் ஒரு வரி சேர்த்திருந்தார். முந்தைய சுருக்கம் தவறு, அது எங்கள் தவறு, மாணவியுடையது அல்ல. அப்புறம்தான் தே தாரேக்குக்கு வந்தார். கடையில் உட்கார்ந்ததும், அவரைக் கணக்கு டீச்சர் என்று இத்தனை நாள் நினைத்திருந்ததாகச் சொன்னேன். "அய்யோ, எனக்கும் கணக்கு வராதுக்கா. படிச்சுப் படிச்சுத்தான் வந்துச்சு, உங்க எல்லாரோட தப்பையும்" என்றார்.

அடுத்த வகுப்பில் அந்தப் பெண் முதல் வேலையாக மன்னிப்புக் கேட்டாள். கேக் தாளைப் பற்றி நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. "இன்னிக்கு நீங்க டீச்சர்னு போட்டிருக்குக்கா" என்றாள். நான் அவளுக்கு வாளியைச் சொல்லிக்கொடுத்தேன். அவள் எனக்கு வாளி இல்லாத கணக்குகளைச் சொல்லிக்கொடுத்தாள். அதிலும் முதலில் தடுமாறினேன். அது வரி எண்ணோடு அடுத்த சுருக்கத்தில் வந்தது.

கிரெடிட் வந்தது. பயிற்சியிலும் சேர்ந்துவிட்டேன். செய்தி சொல்ல முதலில் கூப்பிட்டது கணவரை இல்லை, அந்த அக்காவைத்தான். பரீட்சையில் என்ன வந்தது என்று கேட்டார். நான் அவரிடம் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். விகிதத்தில் ஒரு கேள்வி வந்தது. கீழே வித்தியாசம் என்று ஒரு எண் கொடுத்திருந்தார்கள். கை பழக்கதோஷத்தில் கூட்டப் போய்விட்டது. பேனாவைக் கீழே வைத்தேன். பிறகு எடுத்து, விடைத்தாளின் ஓரத்தில் சின்னதாகத் தமிழில் எழுதினேன். "வாளி இல்லை." அதற்குக் கீழே கழித்தேன். திருத்தியவர் யாரோ, தலையைச் சொறிந்திருப்பார். நான் அதை அழிக்கவில்லை.